புளிக்காய்ச்சலைச் சாதத்தில் கலக்கும் முறை: உதிரியாகவும் ஒரே சுவையாகவும்

புளிக்காய்ச்சல் நன்றாக அமைந்த பிறகும் சாதம் குழைந்துபோகிறது, அல்லது ஒரு பிடி வெளுத்தும் அடுத்த பிடி உப்புக் கரித்தும் இருக்கிறது என்றால், குறை பெரும்பாலும் கலக்கும் விதத்தில்தான் இருக்கும். காய்ச்சல் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 கிராம் பச்சரிசிக்கு அதை எவ்வாறு கலப்பது என்பதைப் பார்ப்போம்.

முதலில் சாதம். பழைய பச்சரிசியைக் கழுவி, ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துக் குக்கரில் வேகவையுங்கள். புது அரிசியானால் தண்ணீரைக் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளலாம். பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் கட்டி தட்டாமல் மசிய வேண்டும், ஆனால் நசுக்காதபோது வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். ஆவி அடங்கியதும் சாதத்தைக் குக்கரிலேயே விட்டுவைக்காமல் அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிடுங்கள்.

பரப்பிய சாதத்தின் மேல் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயைப் பரவலாக ஊற்றி, கரண்டிக் காம்பால் மெல்லக் கீறிவிட்டு ஆறவிடுங்கள். சுடுசாதத்தின் மேற்பரப்பில் உள்ள மாவுப்பசை இளகி ஒட்டும் நிலையில் இருப்பதால், அப்போது கிளறினால் பருக்கைகள் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து மேலும் பசை வெளிவந்து, எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். ஆற ஆற அந்தப் பசை இறுகுவதும் எண்ணெய் இடையில் புகுவதும் சேர்ந்து பருக்கைகளைப் பிரித்து வைக்கின்றன. இந்த இடத்தில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது நல்லதன்று, ஏனெனில் பருக்கை முழுவதும் எண்ணெய் பூசிக்கொண்டால் புளி உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கி நிற்கும். முற்றிலும் குளிர்ந்து விறைத்த சாதமும் காய்ச்சலை எளிதில் ஏற்காது. புறங்கையை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும், ஆவி எழக் கூடாது. அதுவே கலக்க ஏற்ற பதம்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் வேலை. புளிக்காய்ச்சல் பாத்திரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். பொடியும் உப்பும் புளியின் கெட்டியான பகுதியும் அடியில் தங்கும். மேலாக எடுத்தால் சாதத்துக்கு எண்ணெய்தான் கிடைக்கும், அடியிலிருந்து அள்ளினால் உப்பும் காரமும் ஒரேயடியாக வந்து விழும். எனவே உலர்ந்த கரண்டியால் அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும். கரண்டியிலிருந்து சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் மெதுவாகச் சரிந்து விழும் காய்ச்சலானால் இந்த அளவு சாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து மேசைக்கரண்டி தேவைப்படும். நீர்த்திருந்தால் சாதத்தில் ஊற்றாதீர்கள்; மீண்டும் அடுப்பில் வைத்து எண்ணெய் பிரியும் வரை சுண்டவைத்து, ஆறியபின் பயன்படுத்துங்கள்.

அந்த ஐந்தில் நான்கு மேசைக்கரண்டியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுச் சாதத்தின் மேலும் நேராகக் கொட்டாமல், தாம்பாளத்தின் ஓர் ஓரத்தில் இரண்டு கைப்பிடி சாதத்தோடு சேர்த்து, நிறம் சீராகும் வரை விரல்நுனிகளால் பிசிறிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கலவையை மீதிச் சாதத்தின் மேல் எங்கும் தூவி, கையையோ தட்டைக் கரண்டியையோ அடியில் செலுத்தித் தூக்கிப் புரட்டிப் போடுங்கள்; வட்டமாகக் கிளறினால் பருக்கை உடையும். காய்ச்சல் ஏற்கெனவே ஒரு பங்கு சாதத்தில் பரவிவிட்டதால், சில புரட்டல்களிலேயே வெள்ளைத் திட்டுகள் மறையும். கட்டிகள் தென்பட்டால் கரண்டியால் அழுத்தாமல் விரல்களால் உதிர்த்துவிடுங்கள்.

கலந்தவுடன் ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அப்போது புளியும் உப்பும் பருக்கையின் மேலேயே இருப்பதால் நாக்குக்குத் தூக்கலாகத் தெரியும். மூடிவைத்து அரை மணி நேரம் ஊறியபின் பார்த்தால் சுவை சற்று அடங்கியிருக்கும். மீதி வைத்த ஒரு மேசைக்கரண்டி அதற்காகத்தான். உப்பு மட்டும் குறைந்தால் சாதத்தின் மேல் தூவாமல், அந்த ஒரு கரண்டிக் காய்ச்சலில் உப்பைக் கரைத்துச் சேருங்கள். சாதம் வறண்டு தெரிந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை இலேசாகச் சூடாக்கி விட்டால் போதும். புளிப்பு மிஞ்சிவிட்டாலோ, வெறும் சாதம் சேர்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. சர்க்கரை போட்டால் அது வேறொரு பண்டமாகிவிடும்.

வறுத்த வேர்க்கடலையைக் காய்ச்சலோடு ஊறவிடாமல் பரிமாறும் நேரத்தில் சேர்த்து ஒருமுறை புரட்டினால், அது நமுத்துப்போகாமல் மொறுமொறுப்பாக இருக்கும்.