காவுதடிக் கணக்கில் பிள்ளைகள் பிழைவிடும் இடங்கள்

திருகோணமலை உப்புவெளியில் கரைவலை இழுத்து முடிந்தபிறகு, மீன்கூடையைத் தடியில் தொங்கவிட்டு இரண்டு பேர் வீதி வரைக்கும் காவிக்கொண்டு வருவார்கள். கூடை பெரும்பாலும் நடுவில் இராது, பலசாலியின் பக்கம் தள்ளித்தான் கட்டுவார்கள். இதே தடிதான் வினாத்தாளில் ‘சீரான கோல்’ என்ற பெயரில் வரும். தடியைத் தினமும் காண்கிற பிள்ளைகூட வினாத்தாளில் தடுமாறுவதைப் பார்க்கக் கவலையாக இருக்கும். அதனால் ஒரே கணக்கை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்.

இரண்டு தோள்களுக்கும் இடையில் 200 செ.மீ. கூடையும் மீனும் சேர்த்து 60 கிலோ. கயிறு முன்னால் போகிறவரின் தோளிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் கட்டியிருக்கிறது. தடியின் பாரத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அதிகம் பேர் விடும் பிழை, முன்னவருக்கு 80 செ.மீ. என்பதால் அவர் பங்கு 60 × 80 ÷ 200 = 24 கிலோ என்று எழுதிவிடுவது. இது தலைகீழ். கூடை கிட்ட இருக்கிறவருக்குத்தான் பாரம் கூட. சந்தேகம் வந்தால் கூடையை முன்னவரின் தோளுக்கு நேர்கீழே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தூரம் 0 ஆகிவிடும். பிழையான முறைப்படி அவருக்குப் பாரமே இல்லை, உண்மையில் 60 கிலோவும் அவர் தோளில்தான் நிற்கும்.

சரியான வழி, பின்னவரின் தோளைச் சுற்றித் திருப்பம் எடுப்பது. அப்படி எடுத்தால் பின்னவரின் விசைக்குத் தூரம் 0, அது சமன்பாட்டிலிருந்து கழன்றுவிடும். முன்னவரின் விசை 200 செ.மீ. தூரத்தில் மேல்நோக்கி, கூடை 120 செ.மீ. தூரத்தில் கீழ்நோக்கி. ஆகவே முன்னவருக்கு 60 × 120 ÷ 200 = 36 கிலோ, பின்னவருக்கு மீதி 24 கிலோ. ஒருவரின் பங்கைக் காண மற்றவரிடமிருந்து உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். நியூட்டனில் கேட்டால் கடைசியில் ஈர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கிக்கொள்ளலாம், பங்கு மாறாது.

அடுத்தது, தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பது. தடி 240 செ.மீ. நீளம், முன்னவரின் தோளுக்கு முன்னால் 10 செ.மீ., பின்னவரின் தோளுக்குப் பின்னால் 30 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைப்போம். நுனியிலிருந்து அளந்தால் கூடை 90 செ.மீ. தூரத்தில் வரும், முன்னவரின் பங்கு 37.5 கிலோ என்று பிழையாகக் கிடைக்கும். தடியைத் தாங்குவது தோள், நுனி அல்ல. அளவை எடுக்கும் இடமும் தோள்தான்.

நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டுகள் தடியின் பாரத்தைச் சேர்க்கும்போதுதான் கணக்குக்குள் வரும். தடி 4 கிலோ என்றால் ஆளுக்கு 2 கிலோ என்று பிரித்துவிடுவது வழக்கம். தடியின் நடு, தோள்களின் நடுவில் இருந்தால் மட்டுமே அது சரி. இங்கே தடியின் நடு நுனியிலிருந்து 120 செ.மீ., அதாவது முன்னவரின் தோளிலிருந்து 110 செ.மீ. ஆகவே தடியால் முன்னவருக்கு 4 × 90 ÷ 200 = 1.8 கிலோ, பின்னவருக்கு 2.2 கிலோ. மொத்தம் 37.8, 26.2. இரண்டையும் கூட்டினால் 64 கிலோ வர வேண்டும், வருகிறது. கூட்டிப் பார்க்காமல் விடையைத் தாளில் விடாதீர்கள். ஆனால் பங்குகளைத் தலைகீழாக மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும். அதனால் கிட்ட இருக்கிறவருக்கு அதிகமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மணலிலிருந்து வீதிக்கு ஏறும்போது தடி சரியும். அப்போது கீழே நிற்பவருக்குப் பாரம் கூடிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். கூடை கயிற்றில் தாராளமாகத் தொங்கி, தோள்கள் நேர்மேலே மட்டும் தாங்கினால் பங்கு மாறாது. கிடைத்தூரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் குறையும். கூடையை ஆடாமல் தடியோடு இறுக்கிக் கட்டினால் கதை வேறு. கூடையின் ஈர்ப்பு மையம் தடிக்கு 50 செ.மீ. கீழே இருந்து, முன் தோள் 20 செ.மீ. உயர்ந்தால், அந்த மையம் மேலே நிற்பவரின் பக்கம் ஏறத்தாழ 5 செ.மீ. நகரும். அவருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ கூடும்.

அப்படியானால் கீழே நிற்பவர் பாரம் கூடிவிட்டது என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை, பெரும்பாலும் கயிறுதான் காரணம். ஈரத் தடியில் முடிச்சு அவர் பக்கம் வழுக்கும். இந்தக் கூடைக்கு 10 செ.மீ. வழுக்கினால் 3 கிலோ கைமாறும், 20 செ.மீ. வழுக்கினால் கூடை நடுவுக்கு வந்து, அதன் பாரம் ஆளுக்கு 30 ஆகிவிடும். ஏறுவதற்கு முன்னால் தடியில் கயிறு நிற்கும் இடத்தைக் கரியால் குறித்துவிட்டு, ஏறியபின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.