குளியலறைத் தண்ணீரைச் சரிவுத் தோட்டத்திற்குத் திருப்புவது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் வீடு சரிவின் மேல்தட்டில் இருக்கிறது. இரண்டு தட்டுகள் கீழே பிளம்ஸ், பேரி, பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கின்றன. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை அந்த மரங்களுக்கு ஊற்ற நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை. அதே மாதங்களில் குளித்த தண்ணீரும் முகம் கழுவிய தண்ணீரும் நாள்தோறும் கழிவு வழியே போய்க்கொண்டிருந்தன. வீட்டில் நால்வர், ஆளுக்கு இருபது லிட்டர் வாளியில் இரண்டு வாளி என்றால் 160 லிட்டர். வாஷ்பேசின் நீரையும் சேர்த்தால் ஏறத்தாழ 180 லிட்டர். சமவெளியில் இதைத் தோட்டத்திற்குக் கொண்டுபோகப் பெரும்பாலும் மோட்டார் தேவைப்படும். மலைச்சரிவிலோ குழாயின் வாட்டமே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அதே சரிவு மழைக்காலத்தில் ஆபத்தாகவும் மாறும் என்பதால், தண்ணீரைத் தோட்டத்திற்கு அனுப்பும் வழியைப் போலவே அதை நிறுத்தும் வழியையும் முதலிலேயே அமைத்துவிட வேண்டும்.

முதலில், எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது என்று கண்டறியுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டு, வெளியே உள்ள சேம்பர்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் குளியலறை நீர் தனிக் குழாயில் வந்து, வாடை ஏறாதபடி அடியில் எப்போதும் சிறிது நீர் நிற்கும் கல்லி ட்ராப் என்ற வெளிப்பொறியில் விழும். கழிப்பறைக் குழாய் நேராக செப்டிக் டேங்கிற்குப் போகும். நீலம் கல்லி ட்ராப்பில் தெரிந்தால் வேலை எளிது. கழிப்பறை நீர் வரும் சேம்பரில் தெரிந்தால், இரண்டு குழாய்களும் சுவருக்குள்ளேயே சேர்ந்துவிட்டன என்று பொருள். அப்படியானால் சுவரை உடைக்காமல் வாஷ்பேசின் குழாயை மட்டும் பிரித்து வெளிச்சுவர் வழியாக எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சமையலறைத் தொட்டி நீரை இதில் சேர்க்கவே வேண்டாம். அதிலுள்ள எண்ணெயும் உணவுத்துணுக்கும் எங்கள் குளிரில் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, நீரைத் தோட்டத்திற்கோ பழைய கழிவு வழிக்கோ அனுப்பும் திருப்புத் தொட்டி. கடைகளில் மூவழி வால்வு கேட்டால் கிடைக்கலாம். ஆனால் தலைமுடியும் சோப்புக் கசடும் சேர்ந்து அது இறுகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. குளியலறைக் குழாய்க்கும் கல்லி ட்ராப்பிற்கும் இடையில், உள்ளளவு 45 சென்டிமீட்டர் சதுரமாகச் செங்கல் தொட்டி ஒன்றைக் கட்டி, உட்புறத்தை வழவழப்பாகப் பூசுங்கள். கல்லி ட்ராப்பிற்குப் போகும் குழாயின் சாக்கெட் தொட்டியின் தரையோடு தரையாக, வாய் மேல்நோக்கியபடி பதிந்திருக்க வேண்டும். தோட்டத்திற்குப் போகும் 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். குளியலறையிலிருந்து வரும் குழாய் 15 சென்டிமீட்டருக்குக் கீழே வரக்கூடாது. இனி, தரையில் பதிந்த சாக்கெட்டில் ஒரு குழாய்த் துண்டை, தரைக்கு மேல் 12 சென்டிமீட்டர் நிற்கும்படி செருகுங்கள்.

அந்தச் சிறு துண்டுதான் முழு அமைப்பின் சாவி. அது நிற்கும்வரை தண்ணீர் தோட்டத்திற்குப் போகும். தோட்டக் குழாய் அடைத்துக்கொண்டால், நீர் குளியலறைக்குத் திரும்பாமல் துண்டின் தலைவழியாக வழிந்து பழைய பாதையில் போய்விடும். துண்டை உருவிவிட்டால் ஒரு சொட்டும் தோட்டத்திற்குப் போகாது. வாரம் ஒருமுறை உருவினால், அடியில் தங்கிய நான்கு சென்டிமீட்டர் நீர் முடியையும் வண்டலையும் அடித்துக்கொண்டு கல்லி ட்ராப்பில் இறங்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோடை முழுவதும் தண்ணீரே வராவிட்டால் கல்லி ட்ராப்பில் நிற்கும் நீர் வற்றி, செப்டிக் டேங்கின் வாடை தொட்டிக்கு ஏறிவிடும். இந்த வாராந்திரக் கழுவல் அதையும் தடுக்கிறது. தொட்டிக்கு இறுக்கமான மூடி அவசியம், இல்லையேல் கொசு முட்டையிடும்.

அந்தத் துண்டை சால்வென்ட் போட்டு ஒட்டவே கூடாது. எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர், கசியாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒட்டிவிட்டார், நானும் கவனிக்கவில்லை. அக்டோபர் மழையில் உருவப் போனபோது துண்டு அசையவில்லை. அதை அறுத்தெடுப்பதற்குள் கீழ்த்தட்டின் தடுப்புச் சுவரில் விட்டிருந்த நீர்வழித் துளைகளில் சோப்பு நுரையோடு தண்ணீர் கசிந்ததைக் கண்டு மனம் பதறியது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளை நேரில் கண்டவர்களுக்கு, ஏற்கெனவே ஊறிய மண்ணில் மேலும் நீர் சேர்ப்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

தோட்டக் குழாய்க்கு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் போதும். எங்களுடைய பன்னிரண்டு மீட்டர் நீளத்திற்கு 24 சென்டிமீட்டர். பாத்தி வெட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழியில் நீரை நிரப்பி வற்றவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். நான்கு மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் நல்லது. மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மரத்தடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி, அரை மீட்டர் அகலத்தில், 25 சென்டிமீட்டர் ஆழத்தில் வட்ட வாய்க்கால் வெட்டி, அதில் தேயிலைக் கவாத்துக் குச்சிகளையும் சில்வர் ஓக் சருகையும் இருபது சென்டிமீட்டருக்கு நிரப்புங்கள். ஒரு வட்டத்தின் பரப்பு சுமார் 2.4 சதுர மீட்டர். ஒரு நாள் நீர் முழுவதும் விழுந்தாலும் எட்டு சென்டிமீட்டர்தான் வரும், அது சருகுக்கடியிலேயே அடங்கிவிடும். நான்கு மரங்களுக்கு நான்கு வாய் வைத்து, மூன்றை எண்ட் கேப்பால் மூடி, தினமும் ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு பாத்திக்கும் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும். குழாயின் வாய் சருகுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். மண்ணில் புதைந்தால் வேர் உள்ளே நுழைந்துவிடும். தடுப்புச் சுவரின் விளிம்பிலும், ஊற்று அல்லது கிணற்றின் மேற்பக்கத்திலும் பாத்தி வேண்டாம்.

இந்த நீரை கேரட், முள்ளங்கி, கீரை ஆகியவற்றிற்கு விடாதீர்கள். தேயிலை, கேமெலியா, அசேலியா போன்ற புளிப்பு மண்ணை விரும்பும் செடிகளுக்கும் சோப்பின் காரம் ஆகாது. பாத்திக்கு அருகே ஒரு ஹைட்ரேஞ்சியா வைத்திருப்பது நல்லது: எங்கள் மண்ணில் நீலமாகப் பூக்கும் அது இளஞ்சிவப்புக்கு மாறத் தொடங்கினால், மண்ணின் புளிப்பு குறைகிறது என்று அறிந்து, அந்த மரத்திற்குச் சில மாதங்கள் நீரை நிறுத்துங்கள். எண்ணெய்க் குளியல் நாளிலும், தலைச்சாயம், பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தும் நாளிலும், குழந்தையின் மலத்துணி அலசும்போதும் துண்டை உருவிவிடுங்கள்.

கழிப்பறைக்குப் பயன்படுத்த விரும்புவோர் வாஷ்பேசினின் அடியில் ஒரு வாளி வைத்து, அன்றே நேராகக் கழிப்பறைக் கிண்ணத்தில் ஊற்றலாம். ஏழெட்டு லிட்டரை ஒரே வீச்சில் ஊற்றினால் நன்கு இறங்கும். ஃபிளஷ் டேங்கில் ஊற்றினால் சோப்புக் கசடு ரப்பர் வாஷரில் படிந்து ஒழுகத் தொடங்கும். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாற்றமெடுக்கும். எக்காரணத்திற்காகவும் இந்த நீரின் குழாயை நல்ல தண்ணீர்க் குழாயோடு வால்வு வைத்துக்கூட இணைக்காதீர்கள்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துண்டு தொட்டிக்கு வெளியே இருக்கட்டும்; கூடலூர்ப் பக்கத்தில் ஜூன் மாதமே உருவிவிட வேண்டும். ஜனவரியில் மறுபடி செருகும் முன், தடுப்புச் சுவரின் துளைகள் காய்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.