லெப்டொப்பை ஒப்படைக்கும்போது சீரியல் நம்பரோடு கையொப்பம் வாங்குங்கள்

வேலையை விட்டு விலகும்போது, திருப்பிக் கொடுக்கும் அலுவலகப் பொருட்களின் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, பொருளைக் கையில் வாங்குபவரிடமே திகதி, நேரத்தோடு கையொப்பம் வாங்குங்கள். உதாரணமாக, ஹட்டன் கிளையில் லெப்டொப்பைக் கொடுப்போம், கணக்கை முடிப்பது கொழும்பு தலைமை அலுவலகம். இடையில் பொருள் தங்கிவிட்டால், கடைசிச் சம்பளமும் சேர்ந்து தங்கிவிடும்.

'லெப்டொப் 1' என்று மட்டும் எழுதினால் எந்த லெப்டொப் என்ற கேள்வி வரும். அடியில் உள்ள சீரியல் நம்பர், சார்ஜர், ஏற்கெனவே இருக்கும் கீறல் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால், விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இதை அடியுங்கள்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

நுழைவு அட்டைக்கு அதன் இலக்கம் வேண்டும்; அன்றைக்கே முடக்கச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்புங்கள். பிறகு யாராவது அதைப் பயன்படுத்தினால் கதவுப் பதிவில் உங்கள் பெயர்தான் விழும். சாவி என்றால் எந்தக் கதவு, எத்தனை, டூப்ளிகேட் உண்டா என்பது போதும்.

குரியரில் அனுப்பினால் இப்படிக் கையொப்பம் வாங்குவது சரிவராது. குரியர் துண்டு பார்சல் போனதைத்தான் காட்டும், உள்ளே என்ன இருந்தது என்பதை அல்ல. கட்டுவதற்கு முன் சீரியல் நம்பர் தெரியப் படமெடுத்து அனுப்பி, கிடைத்ததாகப் பதில் மின்னஞ்சல் கேளுங்கள்.