புதன் தசை: உச்சம் என்ற ஒற்றை வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள்

புதன் தசை 17 வருடம். ஜாதகத்தில் புதன் உச்சம் என்றதும் "வியாபாரம் கொழிக்கும், தைரியமாக இறங்குங்கள்" என்று சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உச்சம் என்பது பலத்தைக் காட்டும். அந்தப் பலம் எந்த வேலைக்குப் போகிறது என்பதை, எந்தெந்த வீடுகளுக்கு உடையவர் என்ற ஆதிபத்தியம்தான் சொல்லும்.

ஒரு ஜாதகத்தை வைத்துப் பார்ப்போம். தனுசு லக்னம், சதய நட்சத்திரம். கன்னியில் புதன் 12 பாகை, சூரியன் 17 பாகை. விருச்சிகத்தில் கேது. பிறக்கும்போது ராகு தசை இருப்பு 6 வருடம். அதோடு குரு 16, சனி 19 சேர்த்தால் 41 வயதில் புதன் தசை தொடங்கும்.

பத்தாம் இடத்தில் உச்ச புதன் என்றால் தொழில் அறிவு கூர்மையாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் தனுசுக்கு ஏழாம் இடமும் புதனுடையதே. தனுசு போன்ற உபய லக்னத்துக்கு அதுவே கெடுதல் தரும் பாதக ஸ்தானம். கூட்டாளி, ஒப்பந்தம் எல்லாம் அந்த ஏழாம் இடத்து விஷயம். போதாக்குறைக்கு சூரியன் 5 பாகை தூரத்தில் நிற்கிறார். நேர்கதியில் 14 பாகைக்குள் வந்தால் புதன் அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்துவிடுவார். உழைப்பு இவருடையது, பெயர் மேலே இருப்பவருக்கு என்பதாகத்தான் இதைப் பெரும்பாலும் படிப்போம். கணக்கு, தணிக்கை, ஆலோசனை என்று தனித்துச் செய்யும் வேலை இவருக்கு ஒத்துவரும். பங்குதாரரை நம்பிக் கையெழுத்துப் போடுவதில்தான் அடி விழும்.

அடுத்த தவறு, 17 வருடத்தையும் ஒரே மாதிரி நினைப்பது. தசைக்குள் ஒன்பது கிரகங்களின் புக்தி என்ற உட்பிரிவுகள் வரும். முதலில் வரும் புதனின் சுயபுக்தி 2 வருடம் 4 மாதம் 27 நாள். அது நன்றாகப் போகிறதே என்று 43½ வயதில் கடை திறந்தால், அப்போது நடப்பது 11 மாதம் 27 நாள் கொண்ட கேது புக்தி. பன்னிரண்டில் கேது, முதல் போவது தெரியும், வரவு தெரியாது. அடுத்து வரும் சுக்கிர புக்தி 2 வருடம் 10 மாதம். சுக்கிரன் ஆறுக்கும் பதினொன்றுக்கும் உடையவர் என்பதால் விற்பனையும் ஏறும், கடனும் கூடவே ஏறும்.

எழுத்துக்குப் புதனை மட்டும் பார்ப்பவர்கள் மூன்றாம் இடத்தை மறந்துவிடுகிறார்கள். இவருக்கு அது சனியின் வீடு. மெதுவாக, திருத்தித் திருத்தி எழுதுகிற கை. தினசரிக் கெடுவுக்கு எழுதும் வேலை சரிப்படாது. படிப்புக்கு நான்கையும் ஐந்தையும் பார்க்க வேண்டும்.

நரம்புக்கும் புதனே காரகன். இவருக்கு 50½ முதல் 53 வயதுவரை ராகு புக்தி. ராகு ஆறாம் இடமான ரிஷபத்தில் இருக்கிறார். ஒரே நேரத்தில் நாலு வேலையைத் தொட்டுவிட்டு ஒன்றையும் முடிக்காமல், இரவில் தூங்காமல் புரள்கிற காலம் என்று முன்கூட்டியே சொல்லலாம். அதற்கு மரகதம் போடச் சொல்வது தப்பு. கல் பலத்தைக் கூட்டும் என்பதுதானே நம்பிக்கை; பாதகாதிபதிக்கு எதற்குக் கூடுதல் பலம்? கைநடுக்கமோ தூக்கமின்மையோ இரண்டு மூன்று வாரம் நீடித்தால் பரிகாரம் தேடாமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.