மண்டப அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆடி மாதம் கல்யாணம் வைக்காததால் ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபத் தட்டுப்பாடு வரும். போலி விளம்பரம் போடுகிறவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஓர் உதாரணம்: ஃபேஸ்புக்கில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஏசி மண்டபம், வாடகை 45,000 ரூபாய், "ரெண்டே தேதிதான் பாக்கி, இன்னிக்கே 10,000 போட்டா லாக் பண்ணிடறேன்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது. இதை எப்படிச் சோதிப்பது?

1. அந்தப் பக்கத்தின் About பகுதிக்குள் Page transparency இருக்கும். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பது அங்கே தெரியும். போன மாதம் தொடங்கிய பக்கம், அல்லது நேற்றுவரை சேலைக் கடையாக இருந்த பக்கம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு About this account பாருங்கள்.

2. படங்களைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். வேறு ஊர் மண்டபம் என்று வந்தால் வேலை முடிந்தது. ஆனால் பலர் ஏமாறுவது, படம் உண்மையாக இருக்கும்போதுதான். மண்டபம் நிஜம், படம் நிஜம், தொலைபேசி எண் மட்டும் போலி. கூகுள் மேப்பில் மண்டபத்தைப் பார்த்ததும் "அட, இருக்குதே" என்று நம்பிப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். மேப்பில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. வெளியாட்களும் அங்கே திருத்தம் அனுப்ப முடியும்.

3. அதனால் நேரில் போய்விடுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கே பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம் போல. மண்டப போர்டில் எழுதியிருக்கும் எண்ணும் விளம்பர எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மேனேஜரிடம் தேதி நோட்டைக் காட்டச் சொல்லி, உங்கள் தேதி காலியா என்று பார்த்து, பெயர் எழுதிய பிறகே பணம். வரிசை எண் அச்சிட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். வெளியூரில் இருந்தால் அந்த ஊர்ச் சொந்தக்காரர் ஒருவரை அனுப்புங்கள்.

4. யுபிஐயில் அனுப்பினால், பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். மண்டபத்தின் பெயரோ ரசீதில் உள்ள உரிமையாளர் பெயரோ இல்லாமல் யாரோ ஒருவர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். "அது எங்க அக்கவுண்டன்ட்" என்பது வழக்கமான பதில்.

போட்டோகிராஃபர் என்றால் பொறுக்கியெடுத்த பத்துப் படம் போதாது. ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தை ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாருங்கள். திருடிய படங்களை வைத்திருப்பவரிடம் அது இருக்காது.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். "பணத்தைத் திருப்பித் தர்றேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று ஏமாற்றியவரே மறுபடி கூப்பிட்டால், அது இரண்டாவது கொள்ளை. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையில்லை.