ஆக்டிவ் சில்டு பீம் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்டிவ் சில்டு பீம் என்பது, குளிர்ந்த நீர் ஓடும் காயில் மீது அறைக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கூரைக் கருவி. சென்னை போன்ற கடலோர நகரத்தின் அலுவலகத்துக்கு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், முதலில் கேட்டலாக்கில் குளிரூட்டும் திறனைப் பார்க்கிறார்கள். காற்றின் ஈரப்பதத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலான தொல்லைகள் அங்கேயே தொடங்குகின்றன. பீமில் உள்ள காயில் ஈரத்தை நீக்குவதற்கானது அன்று. பொதுவாக அதன் அடியில் வடிகால் தட்டுகூட இருப்பதில்லை. அறையின் ஈரம் முழுவதையும், வெளியிலிருந்து உலர்த்திக் கொண்டுவந்து பீமுக்குள் ஊதப்படும் பிரைமரி காற்றே சுமந்து செல்ல வேண்டும்.

பத்துப் பேர் அமரும் கூட்ட அறையை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் என 100 லிட்டர் வெளிக்காற்று கணக்காகிறது. அதையே பிரைமரி காற்றின் அளவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் முதல் தவறு. அறை 24 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 9.3 கிராம் நீராவி இருக்கும். அதன் பனிநிலை, அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 13 டிகிரி. பத்துப் பேரின் மூச்சும் வியர்வையும் அந்த 100 லிட்டர் காற்றில் கிலோவுக்குச் சுமார் 1.9 கிராம் ஈரத்தைச் சேர்க்கும். ஆகவே உள்ளே வரும் காற்றில் 7.4 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது அதன் பனிநிலை ஏறக்குறைய 9.5 டிகிரியாக இருக்க வேண்டும். காற்றைக் குளிர்வித்து உலர்த்தி அனுப்பும் இயந்திரமான ஏ.ஹெச்.யூ. 12 டிகிரி பனிநிலை வரை மட்டுமே உலர்த்தித் தந்தால், அறையின் பனிநிலை 15 டிகிரியை நெருங்கிவிடும். அப்போது 14 டிகிரி நீர் ஓடும் குழாய் வியர்க்கும். காற்றைக் கூட்டிச் சமாளிக்க நினைத்தால் நொடிக்கு 300 லிட்டருக்கும் மேல் தேவைப்படும்; அதற்குள் டக்டும் மின்விசிறியும் பெருத்துவிடும். காற்றை இன்னும் உலர்த்துவதே பெரும்பாலும் மலிவான வழி.

திறன் போதவில்லை என்று நீரின் வெப்பநிலையைக் குறைப்பது அடுத்த தவறு. 14 டிகிரியில் நுழைந்து 17 டிகிரியில் வெளியேறும் நீருக்கும் 24 டிகிரி அறைக்கும் சராசரி வேறுபாடு 8.5 டிகிரி, 16–19 டிகிரி நீரானால் அது 6.5 டிகிரி. அதாவது காயில் திறன் ஏறக்குறைய கால் பங்கு குறையும். நீர் அறையின் பனிநிலையைவிட ஒரு டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பதால், இந்தக் குறைவை ஏற்றுக்கொண்டு பீமின் நீளத்தைக் கூட்டுவதே சரி. சில்லரிலிருந்து வரும் 7 டிகிரி நீரை ஏ.ஹெச்.யூ. காயிலுக்கு விட்டு, பீம்களுக்குத் தனிச் சுற்று அமைப்பது இதனால்தான்.

கட்டுப்பாட்டில் அடிக்கடி மறக்கப்படுவது திங்கட்கிழமைக் காலை. வார இறுதியில் நின்றிருந்த கட்டடம் வெளியின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பம்பையும் மின்விசிறியையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், பீமுக்கு முன்னுள்ள, காப்புறை விடுபட்ட வால்விலும் குழாய் இணைப்பிலும்தான் முதல் துளி தெரியும். உலர்ந்த காற்று முன்னதாக ஓடி, அறையின் பனிநிலை நீரின் வெப்பநிலைக்குக் கீழே இறங்கிய பிறகே நீர் வால்வு திறக்க வேண்டும். ஈரப்பத சென்சார் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக வேண்டும். தளம் முழுவதற்கும் ஒன்றே வைத்து அதைக் கூட்ட அறையில் பொருத்தினால், அங்கே ஈரம் ஏறும்போதெல்லாம் நீர் சூடாக்கப்பட்டு மற்ற அறைகள் வெப்பத்தில் வாடும். வேறிடத்தில் பொருத்தினால் கூட்ட அறை நனைவதே தெரியாது. அந்தந்தப் பகுதியின் வால்வு மட்டும் மூடிக்கொள்வதே போதுமானது. மூடியிருக்கும் நேரத்திலும் பிரைமரி காற்று நிற்கக் கூடாது.