‘ஏன் நீக்கினார்கள்?’ என்ற கேள்விக்கு எழுதும் பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் எச்ஆர் வேலை எனக்கு. போன மாதம் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு வந்த விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘முந்தைய வேலையை விட்ட காரணம்’ என்ற கட்டத்தில் மூன்று பேர் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தார்கள். மூவரையும் போனில் கூப்பிட்டேன். ஒருவருக்கு உண்மையிலேயே அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மற்ற இருவரும் ‘அது வந்து சார்...’ என்று ஆரம்பித்தார்கள். அந்த ‘அது வந்து’ எனக்கு நன்றாகத் தெரியும். 2008-ல் நானும் அப்படித்தான் இழுத்தேன்.

எழுத்துப் பிழை, அழுது புலம்புவது, ‘ப்ளீஸ் சார், ஒரு சான்ஸ்’ என்று கெஞ்சுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைச் சொல்ல நான் தேவையில்லை.

நீக்கத்தை ராஜினாமா ஆக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என் மேல்தான்.

அப்போது ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் பில்லிங்கில் இருந்தேன். இரண்டு லோடுகளுக்கான பில்லை வேறு பார்ட்டியின் பெயரில் போட்டுவிட்டேன். எச்சரித்தார்கள். அடுத்த மாதம் திரும்பவும் அதே தப்பு. ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து விண்ணப்பித்த கம்பெனியின் படிவத்தில் ‘நல்ல வாய்ப்புக்காக ராஜினாமா செய்தேன்’ என்று எழுதினேன். வேலை கிடைத்தது. ஆறாவது வாரம் எச்ஆர் மேனேஜர் கூப்பிட்டார். பழைய அலுவலகத்திலிருந்து வந்த பதில் கடிதம் மேசை மேல் இருந்தது. காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள்: பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை. “தப்பா பில் போட்டேன்னு நீ எழுதியிருந்தா எடுத்திருப்போம்பா. இப்ப முடியாது” என்றார்.

ஒரு நீக்கத்தை மறைக்கப் போய் இரண்டு நீக்கம் ஆனது. முதலாவதற்குக் காரணம் கவனக்குறைவு, அதைச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் காரணம் பொய். அதை எந்த வார்த்தையில் சொல்வது?

மறைத்தால் எப்படித் தெரியவரும் என்று கேட்பவர்களுக்காக, மேசையின் இந்தப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். ஆளைத் தேர்வு செய்ததும் பழைய கம்பெனிக்கு ஒரு மெயில் போகும், அல்லது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சி அதை அனுப்பும். பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று சில கேள்விகள் இருக்கும். எல்லாக் கம்பெனியும் எல்லாவற்றுக்கும் பதில் தருவதில்லை. தேதிகளை மட்டும் உறுதிசெய்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கம்பெனி எதைச் சொல்லும் என்று விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. அப்புறம் பிஎஃப் இருக்கிறது. புது வேலையில் சேரும்போது நிரப்பும் படிவம் 11-ல் பழைய யூஏஎன் எண்ணையும் விலகிய தேதியையும் கேட்பார்கள். யூஏஎன் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் நிற்கும். நீக்கிய பிறகும் நான்கு மாதம் அங்கேயே இருந்ததாக எழுதியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

விண்ணப்பத்தின் கடைசியில், ‘மேலே கூறியவை உண்மை, தவறெனத் தெரிந்தால் என்னைப் பணியிலிருந்து விலக்கலாம்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதன் கீழேதான் கையெழுத்துப் போடுகிறோம். நான் அதைப் படிக்காமலே போட்டேன்.

முழுப் பொய் சொல்லாமல் வார்த்தையை மழுப்புகிறவர்கள் இன்னும் அதிகம். ‘பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தோம்’, ‘கம்பெனியோடு ஒத்துப்போகவில்லை’, ‘ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது’ என்று எழுதுவார்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கம்பெனி கொடுத்த கடைசிக் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன வினைச்சொல் இருக்கிறதோ அதையே உங்கள் பதிலிலும் எழுதுங்கள். ‘ப்ரொபேஷன் உறுதிசெய்யப்படவில்லை’ என்றிருந்தால் அதுதான் உங்கள் சொல். ஆட்குறைப்பு என்றிருந்தால் ஆட்குறைப்பு. அதைப் போய் நீக்கம் என்று எழுதி உங்களை நீங்களே குறைத்துக்கொள்ளவும் வேண்டாம். விசாரணை நடத்தி நீக்கியிருந்தால், விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டேன் என்று எழுதவேண்டும்.

ஒரு வகை மட்டும் குழப்பும். ‘நீயே ராஜினாமா கொடுத்துட்டுப் போ, ரிலீவிங் லெட்டர் தர்றோம்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். காகிதத்தில் அது ராஜினாமாதான். படிவத்தில் ‘விலகிய விதம்’ என்று கேட்டால் ராஜினாமா என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் ‘எப்போதாவது ராஜினாமா செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டீர்களா?’ என்று தனியாக ஒரு கேள்வி இருந்தால் பதில் ‘ஆம்’. விலகிய காரணத்தை நேராகக் கேட்டாலும், ‘ராஜினாமா செய்யும்படி கேட்டார்கள், கொடுத்தேன்’ என்று எழுதிவிட்டு, ஏன் கேட்டார்கள் என்பதை அடுத்த வரியில் வையுங்கள். ‘நல்ல வாய்ப்புக்காக’ என்று அங்கே எழுதாதீர்கள். சொன்னேனே, ஆறு வாரம்தான்.

பழைய மேனேஜரைப் பற்றி ஒரு வரி

அரை வரியும் வேண்டாம்.

ஒன்றரைப் பக்கம் எழுதுவது

என் மனைவியின் தோழிக்கு ஒரு மகள். திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்டாக இருந்து நீக்கப்பட்டவள். வேறொரு கம்பெனி அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, ‘2023 ஆகஸ்டில் ஏன் விலகினீர்கள் என்று சுருக்கமாக எழுதி அனுப்பவும்’ என்று மெயில் போட்டிருந்தது. அவள் எழுதியதை என்னிடம் காட்டினாள். ஒன்றரைப் பக்கம். எந்த ஷிப்டில் எத்தனை பேர் லீவு, சாஃப்ட்வேர் எத்தனை முறை நின்றது, சூப்பர்வைசர் யாருக்குச் சொந்தம், எல்லாம் இருந்தது. நீக்கப்பட்டேன் என்ற சொல் மட்டும் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது.

அதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிற எச்ஆருக்கு அன்றைக்கு இது மாதிரி நாற்பது மெயில் இருக்கும். அவர் தேடுவது ஒன்றைத்தான்: என்ன நடந்தது, அது இங்கேயும் நடக்குமா? அதற்கு இரண்டாம் பக்கம் வரை போகவேண்டும் என்றால், எதையோ மறைக்க இவ்வளவு எழுதியிருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

இருவரும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“வணக்கம். 2022 ஜூன் முதல் 2023 ஆகஸ்ட் வரை ஸ்டோர்ஸ் அசிஸ்டென்டாகப் பணிபுரிந்தேன்; ஆகஸ்ட் 18 அன்று பணிநீக்கம் செய்யப்பட்டேன். பொருள் வழங்கிய சீட்டுகளை அன்றன்றே கணினியில் பதியாமல் மறுநாள் மொத்தமாகப் பதிந்துவந்தேன். இரண்டு மெமோவுக்குப் பிறகும் அதைச் சரிசெய்யாததால் இருப்புக் கணக்கு ஒத்துவரவில்லை. பொருள் காணாமல்போனதாக என்மீது குற்றச்சாட்டு இல்லை. பணிநீக்கக் கடிதத்தை இணைத்துள்ளேன். கடந்த எட்டு மாதங்களாக ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்குப் பதிவைப் பார்க்கிறேன். தினமும் கடை சாத்துமுன் பதிவை முடிக்கிறேன், உரிமையாளரிடம் விசாரிக்கலாம்.”

ஏழே வாக்கியம், அதில் நான்கே விஷயம். முதலாவதில் நடந்தது என்ன என்பது தேதியோடு இருக்கிறது. இரண்டாவது காரணம். ‘வேலையில் சில குறைகள் இருந்தன’ என்று பொதுவாக எழுத அவள் ஆசைப்பட்டாள். நான் விடவில்லை. ஸ்டோர்ஸில் ‘சில குறைகள்’ என்றால் படிப்பவர் மனம் நேராகத் திருட்டுக்குத்தான் போகும். சீட்டை மறுநாள் பதிந்தாள் என்றால், தப்பு எவ்வளவு பெரியது என்று அவருக்கே அளவு தெரிந்துவிடும். மெமோ வந்ததையும் சேர்த்தே எழுதினோம். கடிதத்தில் அது இருக்கிறது. அவள் விட்டிருந்தால் கடிதம் சொல்லியிருக்கும்.

மூன்றாவது விஷயம், குற்றச்சாட்டு இல்லை என்பது, எல்லாருக்கும் பொருந்தாது. கடிதத்திலேயே அது தெளிவாக இருந்ததால் எழுதினோம். இல்லாததை அடுக்கிக்கொண்டே போனால், ‘ஏன் இதையெல்லாம் சொல்கிறாள்’ என்ற சந்தேகம்தான் வரும். ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

நான்காவதில் ‘பாடம் கற்றுக்கொண்டேன்’ என்று முதலில் எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டேன். அதை யாரும் சரிபார்க்க முடியாது. கடைக்காரருக்கு ஒரு போன் போட்டால் மற்றதைச் சரிபார்க்கலாம். அதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். திடீரென்று போன் வந்து அவர் விழித்தால் நமக்குத்தான் நஷ்டம்.

கேட்காத இடத்தில் சொல்வது

பயோடேட்டாவில் இது வேண்டாம். தேதிகள் சரியாக இருந்தால் போதும். கேட்டால் சொல்லுங்கள்.

எல்லா நீக்கத்துக்கும் இதே அச்சை ஊற்றுவது

பணம் கையாண்டது, கைகலப்பு, பெண் ஊழியர் கொடுத்த புகார் இவற்றில் வந்த நீக்கத்தை இப்படிச் சில வாக்கியத்தில் விளக்கி முடிக்கப் பார்க்காதீர்கள். ‘விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டேன், ஆணையின் நகலைத் தருகிறேன், நேரில் கேட்டால் பதில் சொல்கிறேன்’ என்பதற்கு மேல் மெயிலில் எழுதினால் ஒவ்வொரு வரியும் வாக்குவாதமாகிவிடும். நீக்கத்தை எதிர்த்து லேபர் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்றாலும் அப்படியே. நீக்கியது உண்மை, வழக்கு நிலுவையில் இருப்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, யார் பக்கம் நியாயம் என்பதை அங்கே வாதாடாமல் விடுங்கள். மெயிலில் எழுதியது பிறகு வழக்கில் உங்கள் முன்னாலேயே வந்து நிற்கலாம். அனுப்பும் முன் உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மெயிலில் ஒன்று, நேரில் ஒன்று

எழுதும்போது நேராக எழுதிவிட்டு, நேர்காணலில் கூச்சப்பட்டு ‘இல்ல சார், நானாத்தான் வந்துட்டேன்’ என்று உளறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் அந்த வாக்கியங்களை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். ‘நீக்கப்பட்டேன்’ என்ற சொல்லில் நாக்கு கொஞ்சம் தடுக்கும், இரண்டாம் முறை பரவாயில்லை.

அந்தப் பெண்ணை நேரில் வரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே போன் செய்தாள். “அங்கிள், அதைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. சாயங்காலம் கரண்ட் போயிட்டா எப்படிப் பதிவீங்கன்னு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“நோட்டுல எழுதி வச்சிட்டு, காலைல முதல் சீட்டு குடுக்கறதுக்கு முன்னாடி ஏத்திடுவேன்னு சொன்னேன். அப்புறம் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்கன்னு கேட்டாங்க.”